கேள்வி உள்ளே போனால் ‘டஸ்’ எங்கே போகிறது?

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் விசாரிக்கிறார்: ‘வேர் டஸ் த கடலூர் பஸ் ஸ்டாப்?’ அதையே கொஞ்சம் பணிவாகக் கேட்டால், ‘குட் யூ டெல் மீ வேர் த கடலூர் பஸ் ஸ்டாப்ஸ்?’ என்று ஆகிறது. ‘டஸ்’ போய்விட்டது. ‘ஸ்டாப்’ என்ற வினைச்சொல்லில் புதிதாக ஒரு ‘ஸ்’ ஒட்டியிருக்கிறது. ஒரு கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் சொல்வரிசை சாதாரண வாக்கியம் போல் ஆகிவிடும் என்ற விதியைப் பள்ளியில் படித்திருப்போம். ஏன் அப்படி ஆகிறது என்பதுதான் சுவாரசியம்.

ஆங்கில வாக்கியத்தில் எழுவாய்க்கு முன்னால் ஓர் இடம் உண்டு. சாதாரண வாக்கியத்தில் அது காலியாகவே கிடக்கும். ‘த பஸ் இஸ் லேட்’ என்பதைக் கேள்வியாக்கும்போது ‘இஸ்’ எழுந்து அந்த இடத்துக்குப் போகிறது: ‘இஸ் த பஸ் லேட்?’ ஆனால் ‘இஸ்’, ‘கேன்’, ‘வில்’ போன்ற துணைவினைகள்தான் அப்படிப் போக முடியும். ‘ஸ்டாப்’ போன்ற முழு வினைச்சொல் நகராது. அதனால் ‘டூ’ என்ற சொல்லைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இங்கே அதற்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. காலத்தைச் சுமப்பதுதான் வேலை. ‘ஸ்டாப்ஸ்’ என்பதில் இருந்த ‘ஸ்’ இதன்மேல் ஏறியதும் ‘டூ’ என்பது ‘டஸ்’ ஆகிறது, அங்கே வெறும் ‘ஸ்டாப்’ மிஞ்சுகிறது.

இப்போது ‘இஸ் த பஸ் லேட்?’ என்ற கேள்வியை ‘ஹீ ஆஸ்க்ட்’ என்பதற்குப் பின்னால் வைப்போம். இரண்டு வாக்கியங்களை இணைக்க ‘இஃப்’ வேண்டும். அது உட்காருவதும் எழுவாய்க்கு முன்னால் இருக்கும் அதே இடத்தில்தான். பஸ் சீட்டில் ஒருவர் துண்டு போட்டுவிட்டால் அடுத்தவர் உட்கார முடியாது அல்லவா, அது போலத்தான். ‘ஹீ ஆஸ்க்ட் இஃப் த பஸ் வாஸ் லேட்’ என்பதில் ‘வாஸ்’ தன் இடத்திலேயே நிற்கிறது. வரிசை பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், திரும்பவில்லை, புறப்படவே இல்லை என்பதுதான் சரி. ‘வேர்’ வந்தால் அது இன்னும் ஒரு படி முன்னால் நிற்கும். அதற்குப் பின்னால் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புச் சொல் இருப்பதாக மொழியியலாளர்கள் கொள்கிறார்கள்.

ஒரே இடத்துக்குத்தான் போட்டி என்பதை டச்சு மொழியியலாளர் ஹான்ஸ் டென் பெஸ்டன் 1983இல் வெளியான ஒரு கட்டுரையில் வாதிட்டார். ஜெர்மனில் ‘தஸ்’ என்ற இணைப்புச் சொல் வந்தால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியிலேயே நிற்கும். ‘தஸ்’ இல்லாவிட்டால் அது முன்னுக்கு வந்துவிடும். அயர்லாந்து ஆங்கிலத்திலும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அங்கே ‘ஐ ஒண்டர் இஸ் த பஸ் லேட்’ என்று இயல்பாகச் சொல்வார்கள். ஆனால் ‘ஐ ஒண்டர் இஃப் இஸ் த பஸ் லேட்’ என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள். ‘இஃப்’ வந்த உடனே ‘இஸ்’ நகர முடியாமல் போகிறது.

சரி, நாம் ஏன் ‘டெல் மீ வேர் டஸ் த பஸ் ஸ்டாப்’ என்கிறோம்? தமிழில் கேள்வி கேட்க எதுவும் இடம் மாறுவதில்லை. ‘கடலூர் பஸ் எங்கே நிற்கும்?’ என்பதோடு ‘என்று கேட்டார்’ சேர்த்தால் போதும், கேள்வி அப்படியே உள்ளே இருக்கும். ‘பஸ் வருமா என்று கேட்டார்’ என்பதில் அந்த ‘ஆ’ கூட உதிர்வதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலக் கேள்வியையும் கலைக்காமல் தூக்கி வைத்துவிடுகிறோம்.

விதி தெரிந்தவர்களும் பாதி வழியில் தவறுவார்கள். ‘டஸ்’ஸை எடுத்துவிட்டு ‘ஸ்’ஸைத் திருப்பித் தர மறந்தால் ‘வேர் த பஸ் ஸ்டாப்’ என்று நிற்கும். இரண்டையும் வைத்துக்கொண்டால் ‘வேர் டஸ் த பஸ் ஸ்டாப்ஸ்’. எனவே உள்வாக்கியத்தில் காலக்குறி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே இடத்தில்தான் இருக்கலாம், அதுவும் எழுவாய்க்குப் பின்னால். ‘வேர் டிட் ஹீ கோ?’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டிட்’ சுமந்த இறந்தகாலம் ‘கோ’வின்மேல் இறங்கினால் ‘வெண்ட்’: ‘டெல் மீ வேர் ஹீ வெண்ட்.’ ‘ஆஸ்க்ட்’ என்று தொடங்கினால் அது ‘ஹேட் கான்’ ஆவதும் உண்டு. அது காலம் பின்னுக்கு நகரும் வேறு கணக்கு, வரிசையோடு சம்பந்தமில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு படிப்பவர்களுக்கு இதே வேலையை ‘எஸ்க’ என்ற கேள்விச் சொல் செய்து காட்டும். ‘பஸ் எங்கே நிற்கும்?’ என்று கேட்கும் ‘ஊ எஸ்க லெ பஸ் சாரெட்?’ என்ற கேள்வியை, ‘சொல்லுங்கள்’ எனப் பொருள்படும் ‘தீத் முவா’ என்பதற்குப் பின்னால் வைத்தால் ‘எஸ்க’ உதிர்ந்து ‘ஊ லெ பஸ் சாரெட்’ மட்டும் நிற்கும். ‘இஃப்’ வரும் இடத்தில் ‘ஸி’ வரும்.

ஒரே ஒரு வகைக் கேள்வியில் மட்டும் இந்தக் கவலை இல்லை. ‘ஹூ கேம்?’ என்பதில் ‘ஹூ’தான் எழுவாய், அதனால் ‘டிட்’ வரவே இல்லை. ‘ஹீ ஆஸ்க்ட் ஹூ கேம்’ என்று அப்படியே வைத்துவிடலாம்.