யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி: எந்த விளிக்கு எந்த முடிப்பு?

ஆங்கிலத்தில் அலுவல் மின்னஞ்சல் எழுதும்போது, கடைசியில் என்ன போடுவது என்பதை மேலே எழுதிய விளிதான் முடிவு செய்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் இது கறாரான விதி. பெயர் தெரியாமல் 'டியர் சார்' என்றோ 'டியர் சார் ஆர் மேடம்' என்றோ தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிக்க வேண்டும். 'டியர் மிஸ்டர் பிரவுன்' என்று பெயர் சொல்லி அழைத்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. நம் பள்ளிகளில் கற்றுக்கொடுத்ததும் இந்த வழக்கைத்தான். 'சார்', 'சின்சியர்லி' இரண்டும் ஸகரத்தில் தொடங்குவதால், இரண்டு ஸகரம் ஒரே கடிதத்தில் சேரக்கூடாது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

'ஃபெய்த்' லத்தீன் 'ஃபிதேஸ்' என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம்பிக்கை, விசுவாசம், கொடுத்த வாக்கைக் காப்பது எல்லாம் அதில் அடங்கும். முன்பின் அறியாதவரிடம் அன்பு காட்ட முடியாது. ஆனால் நாணயமாக நடந்துகொள்வேன் என்று சொல்லலாம். 'சின்சியர்' லத்தீன் 'சின்சேருஸ்': கலப்படமில்லாதது, தூய்மையானது. சிலையின் விரிசலை மெழுகு பூசி மறைக்காததால் 'மெழுகில்லாதது' என்று பெயர் வந்ததாக ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. 'உங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று நீட்டி முழக்கி முடித்த பழைய ஆங்கிலக் கடித மரபு காலப்போக்கில் இப்படிச் சுருங்கிவிட்டது.

பிழை பெரும்பாலும் முதல் கடிதத்தில் வருவதில்லை, இரண்டாவதில்தான் வருகிறது. லண்டன் நிறுவனம் ஒன்றிடம் விலைப்பட்டியல் கேட்டு 'டியர் சார் ஆர் மேடம்' என்று எழுதுகிறோம். முடிப்பு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', சரி. மறுநாள் பிரவுன் என்பவர் தன் பெயரிட்டுப் பதில் போடுகிறார். நாமும் 'டியர் மிஸ்டர் பிரவுன்' என்று மாற்றித் தொடங்குகிறோம். ஆனால் முடிப்பு கையொப்பப் பகுதியில் பெயர், பதவி, தொலைபேசி எண்ணோடு சேமிக்கப்பட்டிருக்கிறது. அது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அந்நியரிடம் பேசுவதுபோல் விடைபெறுகிறோம். இங்கே திருத்த வேண்டியது முடிப்பைத்தான். பெயர் தெரிந்த பிறகு விளியை 'டியர் சார்' என்று திரும்ப மாற்றினால் அவரை ஒதுக்கிவைத்தது போலாகிவிடும். முடிப்பைக் கையொப்பப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கையால் தட்டச்சு செய்வதே நல்லது.

பெறுபவர் அமெரிக்கர் என்றால் இந்தப் பிரிவினை இல்லை. அங்கே 'ஃபெய்த்ஃபுல்லி' அபூர்வம். 'சின்சியர்லி' இரண்டு விளிக்கும் பொருந்தும். தொடர்ந்து எழுதிக்கொள்பவர்களிடையே 'கைண்ட் ரிகார்ட்ஸ்' போதும்.

இனி தமிழுக்கு வருவோம். 'தங்கள் உண்மையுள்ள' என்பது 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யின் நேர் மொழிபெயர்ப்பு. 'யுவர்ஸ் சின்சியர்லி'க்கும் அதையே போடுவதால், ஆங்கிலத்தில் இருக்கும் வேறுபாடு தமிழில் காணாமல் போகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 'உண்மையுள்ள' என்பது ஒரு பெயரைத் தழுவி நிற்கும் எச்சம். 'உண்மையுள்ள முருகன்' என்று சேர்ந்தால்தான் முடியும். ஆங்கிலத்தைப் பார்த்து நடுவில் காற்புள்ளி வைத்தால் தொடர் பாதியில் அறுந்துவிடுகிறது.

நம்மிடம் இதைவிடப் பழைய சொல் இருக்கிறது: 'இப்படிக்கு'. கல்வெட்டுகளில் ஆவணத்தின் முடிவில், 'இப்படிக்கு இவை இன்னார் எழுத்து' என்று சாட்சிகள் கையெழுத்திட்டிருப்பதைக் காணலாம். மேலே சொன்னது இப்படித்தான், அதற்கு இது என் கையெழுத்து என்று பொருள். அது உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்கிறது. எழுதுபவருக்கும் பெறுபவருக்கும் என்ன உறவு என்பதில் தலையிடுவதில்லை. அதனால் எந்த விளியோடும் இடிக்காது.

பெயர் தெரியாதவருக்கு 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'அம்மையீர்' என்று தொடங்கினால், வெறும் 'இப்படிக்கு' என்று எழுதிக் கீழே பெயரைப் போட்டால் போதும் என்பது என் கருத்து. 'மதிப்பிற்குரிய திரு. முருகன் அவர்களுக்கு' என்று தொடங்கினால் 'மதிப்புடன்' அல்லது 'நன்றியுடன்'. 'அன்புள்ள முருகன்' என்றால் 'அன்புடன்'. 'மதிப்பிற்குரிய ஐயா'வுக்குக் கீழே 'அன்புடன்' வருவதுதான் தமிழ் அலுவல் மின்னஞ்சல்களில் அடிக்கடி கண்ணில் படும் பொருத்தமின்மை. அப்புறம், முடிப்பைத் திருத்தும்போது உள்ளே இருக்கும் 'தங்கள்', 'உங்கள்' இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 'ஐயா' என்று தொடங்கி, நடுவில் 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று இறங்கி, முடிவில் 'தங்கள்' என்று ஏறினால், விளியும் முடிப்பும் பொருந்தியிருந்தும் கடிதம் தடுமாறும்.