படிப்பு மேசை விளக்கும் ஒரு பென்சிலும்

தக்கலையில் ஆறாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகளுக்காக வாங்கிய எல்இடி மேசை விளக்கு, வெறும் கண்ணுக்கு நிலையாகத்தான் எரிந்தது. ஆனால் இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, அதன் கீழே ஒரு பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டியபோது, மங்கலான ஒரே பட்டையாகத் தெரிய வேண்டிய பென்சில், தனித்தனிப் பென்சில்களாக விரிந்து தெரிந்தது. விளக்கு மினுக்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் இரண்டு முறை சுழியைத் தொடுகிறது. பழைய குண்டு பல்பின் இழை அந்த இடைவெளியில் ஆறிவிடாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். எல்இடியோ மின்னோட்டம் குறைந்த கணமே மங்கிவிடுவதால், விளக்கினுள் இருக்கும் மின்தேக்கிதான் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். அது போதாத அளவில் இருந்தால் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். இவ்வகை மின்தேக்கி வெப்பத்தில் நாளடைவில் காய்ந்து கொள்ளளவை இழக்கும் என்பதால், வாங்கியபோது தேறிய விளக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது நல்லது. சில விளக்குகளில் வெளிச்சத்தைக் குறைப்பதே எல்இடியை விரைவாக அணைத்து எரிப்பதால்தான் என்பதால், பென்சில் சோதனையை மிகக் குறைந்த வெளிச்சத்திலும் செய்து பார்க்க வேண்டும். மின்கலத்தில் எரியும் விளக்கும் இதற்கு விலக்கல்ல.

அந்த விளக்கைக் கடையில் கொடுத்து மாற்றிய பிறகு, வேறொரு குறை தெரிந்தது. விளக்கின் கையை நீட்டித் தலைப்பகுதியை நோட்டுப் புத்தகத்தின் மேலே கொண்டுவந்தவுடன் விளக்கு முன்பக்கம் சாய்ந்தது. தலைப்பகுதி 300 கிராம். அடித்தட்டின் விளிம்பிலிருந்து 36 செ.மீ. வெளியே நின்றது. பெருக்கினால் 10,800. அடித்தட்டோ 1 கிலோ, அதன் நடுவிலிருந்து விளிம்பு 9 செ.மீ.; பெருக்கினால் 9,000. சாய்க்கும் பக்கம் பெரிதாக இருக்கையில், கையின் எடையைச் சேர்க்காமலே கணக்கு தோற்றுவிடுகிறது. கையை மடக்கி வைத்தால் சாயாது, ஆனால் விளக்கு நோட்டிலிருந்து விலகிவிடும். 40 செ.மீ. தொலைவில் கிடைக்கும் வெளிச்சம் 60 செ.மீ. தொலைவில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே மேசை விளிம்பில் திருகி இறுக்கும் பிடியுள்ள விளக்கையே நான் விரும்புகிறேன். துகள் பலகை மேசையாக இருந்தால், பிடி அழுத்திப் பள்ளமாக்காதபடி இருபுறமும் சிறு மரத்துண்டு வைக்க வேண்டும்.

கண் கூச்சத்தைக் கண்டுபிடிக்க, குழந்தை எழுதும் இடத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடியைப் படுக்கவைத்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் விளக்கு தெரிந்தால், வழவழப்பான பாடப்புத்தகத் தாளிலும் அதே இடத்தில் வெள்ளைப் பளபளப்பு விழும். வலக்கைக் குழந்தைக்கு விளக்கை இடப்புறமாக நகர்த்தினால் பளபளப்பும் எழுதும் கையின் நிழலும் ஒருங்கே விலகும். விளக்கு மறைப்பின் கீழ்விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் எல்இடி நேரே கண்ணில் படாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பிடியின் திருகாணியைத் துருவேற்றிவிடுவதால், அதற்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.