சீல் ஒட்டியிருக்கிறது, சரி, எத்தனை முறை?

"ஜிம்மில் தெரிந்தவர் ஒருவர் கடை விலையில் பாதிக்குத் தந்தார், வாங்கிவிட்டேன். போட்டோ அனுப்பியிருக்கிறேன். ஒரிஜினலா, சார்?" திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். 907 கிராம் வே புரோட்டீன் டப்பா, இறக்குமதிச் சரக்கு. படத்தில் முகப்பு லேபிள் மட்டும் பளபளவென்று தெரிந்தது.

முகப்பைப் பார்த்து எந்தப் பொருள், எந்தச் சுவை, எவ்வளவு எடை என்று அடையாளம் காணலாம். அதற்கு மேல் அது உதவாது. லேபிளை நகலெடுக்க ஒரு ஸ்கேனரும் சுமாரான அச்சகமும் போதும். ஆகவே டப்பாவின் அடிப்பாகம், பின்பக்க ஸ்டிக்கர், சீல் பிரித்த வாய் விளிம்பு, மூடியின் உட்புறம் ஆகியவற்றை வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஸ்டிக்கரை முதலில் முடித்துவிடுவோம். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இறக்குமதியாளருக்கு மத்திய உரிமம் கட்டாயம்; அந்த எண்கள் 100 என்று தொடங்கும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. எண்ணை foscos.fssai.gov.in தளத்தில் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டும். ஸ்டிக்கரில் உள்ள பெயரும் தளத்தில் வரும் பெயரும் ஒன்றாக இருந்தால் சரி. நம் வாசகரின் டப்பாவில் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெய்யான எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள யாராலும் முடியும் என்பதால் இதற்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

அடிப்பாகத்தில் பேட்ச் எண்ணும் தேதிகளும். இங்கே கேமராவை நன்றாக நெருக்கி வைக்க வேண்டும். லேபிள் அச்சகத்தில் அச்சாகிறது. பேட்ச் எண்ணோ தூள் நிரப்பிய பிறகு, டப்பா கன்வேயரில் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுகிறது. பல ஆலைகளில் இதைச் செய்வது தொடர் இங்க்ஜெட் எந்திரம். மயிரிழை போன்ற துளை வழியே மை பீய்ச்சி வரும். அதிரும் ஒரு படிகம் அந்தத் தாரையை வினாடிக்குப் பல்லாயிரம் சொட்டுகளாக அறுக்கும். ஒவ்வொரு சொட்டுக்கும் அறுபடும் நொடியில் தனித்தனி அளவு மின்னேற்றம் கிடைக்கிறது. உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கு நடுவே போகும்போது அந்த அளவுக்கேற்ப அது விலகிப்போய் விழும். மின்னேற்றம் பெறாத சொட்டுகள் நேரே ஒரு குழாய்க்குள் போய், மறுபடி மைத்தொட்டிக்குத் திரும்பிவிடும். அதனால்தான் அந்த எழுத்துகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிகின்றன. வரி லேசாகச் சாய்ந்திருக்கும். ஒரே பேட்சின் இரண்டு டப்பாக்களில் இடம் கொஞ்சம் மாறியிருக்கும். இந்த ஒழுங்கின்மைதான் நமக்குச் சாட்சி. அச்சு வழவழப்பாக, எல்லா டப்பாவிலும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே இடத்தில், லேபிளின் மையோடு மையாக இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் லேசரால் பொறிக்கும் நிறுவனங்களும் உண்டு. எனவே அதே நிறுவனத்தின் அதே அளவு டப்பாவை, நம்பகமான கடையில் வாங்கியதை, பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வாசகரின் டப்பாவில் புள்ளிகள் கச்சிதம். அடியில் இருந்த பேட்ச் எண்ணும் ஸ்டிக்கரில் இருந்ததும் ஒன்றே. இதுவரை பார்த்தால் அசல். பிறகு வாய் விளிம்பின் படத்தைத் திறந்தேன்.

மூடிக்கு அடியில் டப்பாவின் வாயை மூடியிருக்கும் அந்த ஃபாயில் சீல் எப்படி ஒட்டப்படுகிறது என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். மூடியைத் திருகி மூடியாகிவிட்டது. சீல் உள்ளே இருக்கிறது. சூடான எதுவும் அதைத் தொட வழியே இல்லை. பிறகு எப்படி ஒட்டுகிறது? மூடிக்குள் முன்கூட்டியே வைத்திருக்கும் வட்டத்துக்குப் பொதுவாக நான்கு அடுக்கு: மேலே காகித அட்டை, அதன் கீழ் மெழுகு, அதன் கீழ் அலுமினியத் தகடு, கடைசியில் டப்பாவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு மெல்லிய பிளாஸ்டிக் படலம். மூடிய டப்பா ஒரு கம்பிச்சுருளின் அடியில் நகர்கிறது. சுருளில் மாறுமின்னோட்டம், அது உண்டாக்கும் காந்தப்புலம் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல், பத்தாம் வகுப்புப் பாடம்தான். மூடியும் டப்பாவும் தூளும் மின்சாரம் கடத்தாதவை, அவற்றுக்கு இது எதுவும் உறைக்காது. அலுமினியத்தில் மட்டும் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து, மின்தடையால் அது சூடாகிறது.

இனிமேல்தான் அழகு. இந்த மின்னோட்டங்கள் தகட்டின் ஓரத்தை ஒட்டித்தான் வலுவாகச் சுற்றும், நடுவில் வலுக்குறைந்திருக்கும். ஆக, அதிகம் சூடாவது வட்டத்தின் ஓரம். ஒட்ட வேண்டிய விளிம்பும் அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது! கிட்டத்தட்ட ஒரு வினாடி. கீழே பிளாஸ்டிக் படலம் உருகி விளிம்போடு விளிம்பாகிறது. மேலே மெழுகும் உருகுகிறது, அட்டை அதை உறிஞ்சிக்கொள்கிறது, அட்டைக்கும் தகட்டுக்கும் இருந்த பிடி விட்டுப்போகிறது. வீட்டில் நாம் மூடியைத் திருகும்போது அட்டை மூடியோடு வந்துவிடும், தகடு டப்பாவோடு நின்றுவிடும். ஒரே சூடு ஓரிடத்தில் ஒட்டி, இன்னோரிடத்தில் பிரிக்கிறது. இதை முதலில் யோசித்தவரோடு எனக்குக் கைகுலுக்கத் தோன்றும்.

உருகி ஒட்டியதைத் தடமில்லாமல் பிரிக்க முடியாது. தகட்டைக் கிழித்தால் விளிம்பில் பிளாஸ்டிக் படலத்தின் மங்கலான வளையம் நிற்கும், பல நேரம் தகட்டின் துணுக்குகளும் நிற்கும். மறுபடி யாராவது புதிய தகடு வைத்து ஒட்டினால் அந்த வளையத்தின் மேல் இன்னொரு வளையம் விழும். இரண்டும் மையம் பிசகாமல் பொருந்துவது அபூர்வம். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினால் நிலைமை இன்னும் மோசம்: சூடு மேலிருந்து முழு வட்டத்திலும் இறங்குவதால் நடுப்பகுதியும் சுருங்கி, அச்செழுத்து நிறம் மாறிப்போகும். இப்போது கையடக்கத் தூண்டல் சீலர்களே விற்பனைக்கு வருகின்றன. எனவே "உள்ளே ஃபாயில் சீல் இருந்தது" என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

வாசகரின் படத்தில் விளிம்பின் ஒரு பக்கம், புதிய சீலின் தடத்துக்கு வெளியே பிறை போல ஒரு பழைய வளையம் தெரிந்தது. அதில் புதிய தகட்டோடு சேராத ஒரு வெள்ளித் துணுக்கு. மூடிக்குள் இருந்த அட்டையில் விளிம்பு அழுந்திய தடம் ஒன்றுதான், டப்பாவிலோ இரண்டு. அதாவது டப்பா அசல், ஸ்டிக்கர் அசல், பேட்ச் அசல். யாரோ குடித்து முடித்து காயலான் கடைக்குப் போட்ட டப்பா மறுபிறவி எடுத்திருக்கிறது. (டப்பாவைத் தூக்கிப்போடும் முன் அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள்.)

உள்ளே இருப்பது என்ன? அதைப் போட்டோ சொல்லாது. அயோடின் சொட்டு விட்டுப் பார்க்கும் வீடியோக்களை நிறையப் பேர் அனுப்புகிறார்கள். அயோடின் ஸ்டார்ச்சை நீலமாக்கும், உண்மைதான். ஆனால் இத்தகைய தூளில் கலக்க எளிதான மால்டோடெக்ஸ்ட்ரின், ஸ்டார்ச்சைச் சிறு துண்டுகளாக உடைத்தது; அதன் சங்கிலிகள் குட்டை என்பதால் அந்த நீலம் வராது. சோதனையில் "பாஸ்" ஆன மாவை நம்பிக் குடிப்பதற்கு, தேங்காய் சுற்றிப் போட்டுவிட்டுக் குடிக்கலாம்.

முறையான வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, பொருளை வாங்கியவர் யாராக இருந்தாலும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சொல்லலாம். விதிமீறல் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. விழிப்புணர்வுச் சுவரொட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் மாவட்டந்தோறும் ஓர் ஆய்வகத்துக்குப் புரத அளவைக் கருவியும் அதை இயக்க ஆளும் கொடுத்தால் உருப்படும் என்பது என் கட்சி.

வாசகருக்கு எழுதிய பதில் இவ்வளவுதான்: அந்தத் தூளை இனிக் குடிக்க வேண்டாம். டப்பா, மூடி, அதற்குள் இருந்த அட்டை, கிழித்த தகடு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொண்டுபோங்கள். விளிம்பை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.