பதினைந்து டம்ளர் தண்ணீர் குடித்தும் மலம் இறுகுவது ஏன்?

"மேடம், ஒரு நாளைக்கு 15 டம்ளர் தண்ணி குடிக்கிறேன். அதெல்லாம் எங்கதான் போகுது?"

46 வயதுப் பெண் ஒருவர் என் எதிரே உட்கார்ந்து இப்படிக் கேட்டார். நான்கு நாளுக்கு ஒருமுறை, அதுவும் முக்கி முக்கி, உருண்டை உருண்டையாகத்தான் அவருக்கு மலம் போகும். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், பிறகு மணிக்கொரு டம்ளர் என்று கடமையாகக் குடித்துவந்தார். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருந்தது. அவர் கேள்விக்கான பதில் அந்த மூன்று முறையில்தான் இருந்தது.

உணவியல் நிபுணராக நான் பார்க்கும் மலச்சிக்கல்காரர்களில் பலரும் தண்ணீரில்தான் தொடங்குகிறார்கள். "நிறைய தண்ணி குடி" என்ற அறிவுரை எளிது. ஆனால் குடித்த தண்ணீரில் பெரும்பகுதி பெருங்குடல் வரை போவதில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை.

ஒரு நாளில் நம் குடலுக்குள் ஏறத்தாழ 9 லிட்டர் திரவம் வருகிறது. வாய் வழியாக வருவது அதில் 2 லிட்டர்தான். மிச்சமெல்லாம் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலே சுரக்கும் நீர். சிறுகுடல் இதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரைதான் பெருங்குடலுக்குப் போகிறது. பெருங்குடலும் உறிஞ்சிய பிறகு, மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டும். கூடுதலாக இரண்டு டம்ளர் குடித்தால் அது சிறுகுடலிலேயே இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியே போய்விடும். தப்பித்தவறிக் கொஞ்சம் பெருங்குடலை எட்டினாலும், அது ஒரு நாளைக்கு 4 லிட்டர் வரை உறிஞ்சக்கூடியது.

அப்படியானால் தண்ணீர் வேண்டாமா என்றால், அதுவும் தவறு. நாள் முழுக்க மூன்று நான்கு டம்ளர் மட்டுமே குடிப்பவரின் உடல், பெருங்குடலில் இருக்கும் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுத்துக்கொள்ளும். சிறுநீர் அடர்மஞ்சளாகவும் மலம் இறுகியும் இருந்தால், அவருக்குத் தண்ணீரே மருந்து. சிறுநீர் வெளிர்நிறமாக இருந்தும் மலம் இறுகுகிறது என்றால், அதற்கு மேல் குடிக்கும் தண்ணீரால் மலம் இளகாது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி வரை கூட்டிப்போக ஏதாவது ஒன்று வேண்டும்.

இங்கேதான் ப்ரூன் ஜூஸ், அதாவது உலர் பிளம் சாறு, மற்ற பானங்களிலிருந்து வேறுபடுகிறது. இதில் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் இருக்கிறது. 100 மில்லி சாற்றில் சுமார் 6 கிராம். சார்பிட்டாலைச் சிறுகுடலால் முழுமையாக உறிஞ்ச முடியாது. உறிஞ்சப்படாத சார்பிட்டால் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு பெருங்குடலுக்குள் நுழைகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. அதில் உண்டாகும் அமிலங்கள் குடலசைவைத் தூண்டுகின்றன, கூடவே வாயுவும் வரும். முதல் இரண்டு நாள் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டால் அதற்கு இதுதான் காரணம். நான் 120 மில்லியில் தொடங்கச் சொல்வேன். ஒரேயடியாக இரண்டு பெரிய டம்ளர் குடித்தால் வயிற்றுப்போக்கில் போய் முடியும்.

பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. சாறு வடிகட்டப்பட்டது என்பதால் அதில் நார் மிகக் குறைவு. முழுப் பழத்திலோ 100 கிராமுக்கு சுமார் 7 கிராம் நாரும், சாற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சார்பிட்டாலும் உண்டு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் மலச்சிக்கல் உள்ள 40 பேருக்குத் தினமும் இரு வேளை 50 கிராம் உலர் பிளம் பழம் மூன்று வாரம் கொடுத்தார்கள். இன்னொரு மூன்று வாரம் அதே அளவு நார் தரும் இசப்கோல் கொடுத்தார்கள். பழம் சாப்பிட்ட வாரங்களில்தான் பலன் அதிகம் தெரிந்தது. நார் அளவு ஒன்றே என்பதால், அந்த வேறுபாட்டில் சார்பிட்டாலுக்குப் பெரும்பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். மென்று சாப்பிட முடிந்தவருக்குப் பழத்தையே சொல்வேன். பல் இல்லாதவர், விழுங்கச் சிரமப்படுபவர், உடனடியாகக் கொஞ்சம் இளக வேண்டியவர் ஆகியோருக்குச் சாறு.

வெந்நீர் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் மலத்தைக் கரைப்பதில்லை. இரைப்பையில் விழுந்த சில நிமிடங்களில் அது உடலின் வெப்பநிலைக்கு வந்துவிடும். ஆனால் வெறும் வயிறு விரியும்போது பெருங்குடல் அசையத் தொடங்கும் ஓர் அனிச்சைச் செயல் நமக்கு உண்டு. காலையில் எழுந்த பின்னும் சாப்பிட்ட பின்னும் அது வலுவாக இருக்கும். வெந்நீர் அந்த நேரத்துக்கு ஒரு சின்னத் தூண்டுதல், அவ்வளவுதான். காபி சிலருக்கு அதைவிட வேகமாக வேலை செய்கிறது. கஃபீன் நீக்கிய காபியும் அப்படியே செய்வதால், காரணம் கஃபீன் மட்டும் இல்லை. எதைக் குடித்தாலும், காலை உணவு முடிந்து அரை மணிக்குள் கழிப்பறையில் உட்கார வேண்டும். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். வெந்நீரைக் குடித்துவிட்டு, உந்துதல் வந்தபோது வேலையில் இருந்தேன் என்று அடக்கிக்கொள்பவருக்கு அந்தத் தூண்டுதல் வீண்.

இனி நார். தண்ணீரைப் பிடித்துவைக்கும் இன்னொரு வண்டி அது. ஆனால் எல்லா நாரும் ஒன்றல்ல. இசப்கோல் தண்ணீரோடு சேர்ந்து கூழாகிவிடும். பாக்டீரியாக்களால் அதை எளிதில் தின்ன முடியாது. அதனால் பெருங்குடல் எவ்வளவு உறிஞ்சப் பார்த்தாலும் அந்தக் கூழ் கடைசி வரை ஈரத்தை விடாது. கோதுமைத் தவிடு வேறு வழியில் வேலை செய்கிறது. அதன் சொரசொரப்பான துகள்கள் குடல் சுவரை உரசி, நீரும் சளியும் சுரக்க வைக்கின்றன. மாவாக அரைத்த தவிட்டில் அந்தச் சொரசொரப்பு போய்விடும். வெறும் உலர்ந்த பொருளாக மலத்தில் சேர்ந்து, அதை இன்னும் இறுக்கிவிடவும் கூடும்.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுதான். மருத்துவர் ஏற்கெனவே பரிசோதித்திருந்தார். தைராய்டு இயல்பு, மலக்குடலில் அடைப்பு இல்லை, மலத்தை இறுக்கும் மாத்திரை எதுவும் அவர் சாப்பிடவில்லை. மூன்று நாள் உணவுக் குறிப்பு எழுதி வரச் சொன்னேன். தண்ணீர் மூன்றே முக்கால் லிட்டர். உணவிலிருந்து வந்த நார் சுமார் 11 கிராம், வேண்டியதில் பாதிகூட இல்லை. அதை ஈடுகட்ட, மென்மையாக அரைத்த தவிட்டை நான்கு மேசைக்கரண்டி, முதல் நாளிலிருந்தே, பாலில் கலந்து சாப்பிட்டு வந்தார். வயிறு பலூன் மாதிரி உப்பியிருந்தது.

முதல் வாரம் தவிட்டை நிறுத்தினோம். தண்ணீரை 2 லிட்டராகக் குறைத்தோம். காலை உணவோடு 120 மில்லி ப்ரூன் ஜூஸ். மூன்றாம் நாள் வாயுத் தொல்லை என்று போன் செய்தார். நான்காம் நாள் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டியாக, கொஞ்சம் இளகிப் போனது. இரண்டாம் வாரம் சாற்றோடு, ஒரு தேக்கரண்டி இசப்கோலை 250 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்கச் சொன்னேன். அந்த வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் போனது.

மூன்றாம் வாரம் இசப்கோல் இரு வேளையானது. சாற்றுக்குப் பதில் ஐந்து உலர் பிளம் பழம். அப்போது மறுபடியும் இறுகியது. விசாரித்தால், இரவு எழ வேண்டியிருக்கும் என்ற பயத்தில், இரண்டாம் வேளை இசப்கோலைப் படுக்கப்போகும்போது கால் டம்ளரில் குழைத்து விழுங்கியிருக்கிறார். உப்புசம், மலம் இறுகல், இன்னும் தண்ணீர் கேட்கும் தாகம் மூன்றும் சேர்ந்து வந்தால், நார் ஏறிவிட்டது, தண்ணீர் ஏறவில்லை என்று பொருள். இசப்கோலைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்குவது ஆபத்தும்கூட. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஊறி அடைத்துக்கொள்ளலாம். விழுங்கச் சிரமம் உள்ளவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அந்த இரண்டாம் வேளையை மாலை ஐந்து மணிக்கு, இரண்டு டம்ளர் தண்ணீரோடு மாற்றினோம்.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. சிறுநீரக நோயாளிகளுக்கு ப்ரூன் ஜூஸில் உள்ள பொட்டாசியம் சிக்கல் தரும். ஒரு கப்பில் சுமார் 700 மில்லிகிராம் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள், ஒரு கப்பில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர், நார் சேர்க்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். வலிக்காக ஓபியாய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு இசப்கோல் உதவாமல், அடைப்பைக் கூட்டலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீரோ சாறோ நாமாகக் கொடுக்கக் கூடாது. இடுப்புத் தள தசை சரியாகத் தளராததால் மலம் வராதவருக்கு எவ்வளவு நார் கொடுத்தாலும் பலனிருக்காது. மென்மையான மலமே வெளியேற மறுத்தால் அதைச் சந்தேகிக்கலாம். அதற்குப் பயிற்சி வேறு. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தசோகை, வாந்தியோடு வயிறு வீங்கி வாயுவும் வெளியேறாத நிலை, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல் ஆகியவற்றில் எது இருந்தாலும், சாற்றை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான்காம் வாரம் அவர் வந்தபோது, ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடித்துக்கொண்டிருந்தார். அதில் நான்கு இசப்கோலோடு போய்விடுகிறது. மலம் ஒன்று அல்லது இரண்டு நாளுக்கு ஒருமுறை, முக்காமல், வெடிப்பில்லாத மென்மையான வடிவில் வருகிறது என்றார். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இந்த வாரம் எழுந்திருக்கவே இல்லையே மேடம்" என்றார்.