முதன்மை ஆதாரமா, முதல்நிலைச் சான்றா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் விடைத்தாளில் எழுதியிருந்த ஒரு வரியே இக்குறிப்புக்குக் காரணம்: "கல்வெட்டு முதன்மை ஆதாரம் ஆகும், ஆகவே அதில் கூறியிருப்பது உண்மை." அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குக் கற்பித்த கலைச்சொல்லே அந்த முடிவை அவள் கையில் கொடுத்துவிட்டது.

ஆங்கிலத்தில் பிரைமரி சோர்ஸ் என்பது, ஆராயப்படும் காலத்திலேயே எழுந்த, அல்லது அந்நிகழ்வில் பங்குகொண்டவரிடமிருந்து வந்த பதிவைக் குறிக்கும். பிரைமரி என்பது 'முதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. சோர்ஸ் என்பது ஊற்று. இவ்வளவுதான் சொல் வரலாறு. அந்தச் சொல்லுக்கு வரிசையில் முதல், தகுதியில் முதல் என இரு பொருள்கள் உண்டு. வரலாற்றாசிரியர் கொள்வது வரிசைப் பொருளை மட்டுமே.

தமிழில் 'முதன்மை' என்றவுடன் நாம் கேட்பது தகுதியைத்தான். முதன்மைச் செயலாளர் என்றால் தலைமைப் பொறுப்பில் உள்ளவர் என்றே கொள்கிறோம். இதனோடு 'ஆதாரம்' சேரும்போது தவறு இரட்டிப்பாகிறது. தாங்கி நிற்பது என்னும் வடமொழிப் பொருளைத் தாண்டி, இன்றைய வழக்கில் ஆதாரம் என்பது ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்தால் 'தலைசிறந்த நிரூபணம்' என்ற பொருளே மாணவர் மனத்தில் தங்குகிறது. கேள்வி கேட்கப் பழக்க வேண்டிய பாடத்தில், கேள்வியே தேவையில்லை என்று சொல்லும் பெயரை வைத்திருக்கிறோம். 'மூல ஆதாரம்' என்பாரும் உளர். அது மூலப்படி, அச்சுப்படி என்ற வேறொரு பாகுபாட்டோடு குழம்பும். அச்சில் வந்த நாட்குறிப்பும் பிரைமரி சோர்ஸ்தான்.

'சான்று' என்பதோ சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், செய்யவும் வேண்டும். எனவே 'முதல்நிலைச் சான்று' என்பதே பொருந்தும். 'இரண்டாம் நிலைச் சான்று' என்பதோடு அது இயல்பாக இணைந்து நின்று, தகுதியை விடுத்து வரிசையை உணர்த்துகிறது.

இந்த வேறுபாட்டை வகுப்பில் காட்ட உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டு போதும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், அவ்வூர்ப் பிராமணச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்துப் பொறித்தது. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் எடுக்க வேண்டும். அவன் தரும் ஓலையைச் சபையின் பணியாளரான மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும்.

'முதன்மை ஆதாரம்' என்று கற்ற மாணவர், அக்காலத்தில் தேர்தல் நேர்மையாக நடந்தது என்று எழுதி முடித்துவிடுவார். சாட்சி என்று கற்றவரிடம் ஆசிரியர் கேட்கலாம்: இதைப் பொறித்தவர் யார்? அரச ஆணையோடு வந்த அதிகாரி அங்கே அமர்ந்திருந்தது ஏன்? நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் தகுதிகள் என்றால், ஊரில் யாருடைய பெயர் குடத்துக்குள் போகவே வழியில்லை? இது நடந்ததைச் சொல்கிறதா, நடக்க வேண்டியதைச் சொல்கிறதா?

கடைசிக் கேள்வியில்தான் பாடம் திறக்கிறது. கல்வெட்டு ஒரு விதித்தொகுப்பு. விதி கடைப்பிடிக்கப்பட்டதா என்பதற்கு அது சாட்சி அன்று. ஆனால் தான் சொல்ல எண்ணாத ஒன்றை அது சொல்லிவிடுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்படுகிறார்கள். அப்படிப்பட்டவர் இருந்ததாலோ, இருப்பார் என்று அஞ்சியதாலோதான் இவ்விதி தேவைப்பட்டிருக்கும். கையில் வேறு ஓலையை ஒளிக்க முடியும் என்ற ஐயம் இருந்த இடத்தில்தான் விரல்களை விரிக்கச் சொல்வார்கள். இரண்டே ஆண்டில் விதிகளை மீண்டும் வகுத்ததும், முதல் ஏற்பாடு போதவில்லை என்று கருத இடம் தருகிறது.

இதன்பின் தரும் எழுத்துப் பணி எட்டு வரிக்கு மேல் போக வேண்டியதில்லை: கல்வெட்டு நேராகச் சொல்வது ஒன்று, அதன் சொற்களிலிருந்து நாம் ஊகிப்பது ஒன்று, அதனால் சொல்லவே முடியாதது ஒன்று, ஒவ்வொன்றுக்கும் உரிய தொடரை எடுத்துக்காட்டி எழுதுக. இரண்டாவதை முதலாவதாக எழுதும் மாணவர் எவர் என்பதை ஆசிரியர் இதில் உடனே கண்டுகொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது தெரியாததும் அன்று. பிரைமரி ஸ்கூலை 'முதன்மைப் பள்ளி' என்று யாரும் எழுதவில்லை. தொடக்கப் பள்ளி என்றார்கள். ஊரில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். முதன்மை சுகாதார நிலையம் அன்று. அங்கெல்லாம் வரிசைப் பொருளைச் சரியாகப் பிடித்தவர்கள், வரலாற்றுப் பாடத்துக்கு வரும்போது மட்டும் அகராதியின் முதல் சொல்லோடு நின்றுவிட்டார்கள்.