ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி எங்கே நிற்கும்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் கடந்துவிடும். எதிரே எதையோ பார்த்து, அது ஆபத்து என்று புரிந்து, விரல்கள் பிரேக் லீவரை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 16.7 மீட்டர் வரை பிரேக் வேலையே தொடங்கியிருக்காது. சாலை காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் இந்தத் தூரம் ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பிரேக், சக்கரம் சுழல்வதைத்தான் தடுக்கிறது. வண்டியைப் பின்னோக்கி இழுத்து நிறுத்தும் விசை, டயர் சாலையைத் தொடும் உள்ளங்கை அளவுள்ள இரண்டு இடங்களில் பிறக்கும் உராய்விலிருந்து வருகிறது. சாலையை டயர் அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகக் கிடைக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் உராய்வுக் குணகம். இதை μ என்று குறிப்பார்கள். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம்:

d = v² / (2μg)

இதில் v நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கில் வேகம். g புவியீர்ப்பு முடுக்கம், 9.8. வண்டியின் எடை இந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எடை கூடினால் நிறுத்த வேண்டிய சுமையும் கூடுகிறது, உராய்வும் அதே அளவில் கூடுகிறது; இரண்டும் அடிபட்டுப்போகின்றன.

நல்ல தார்ச்சாலை காய்ந்திருந்தால் μ சுமார் 0.7 என்றும், நனைந்திருந்தால் சுமார் 0.4 என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஏன் இவ்வளவு இறக்கம்? ரப்பர் இரண்டு வழிகளில் சாலையைப் பிடிக்கிறது. கல்லின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்வது ஒன்று. கல்துணுக்குகளின் மேடுபள்ளத்தில் அமுங்கி, அப்படி உருமாறும்போது ஆற்றலை இழப்பது மற்றொன்று. மெல்லிய நீர்ப்படலம் நடுவே வந்துவிட்டால் முதல் வழி பெருமளவு அடைபடும். இரண்டாவது ஓரளவு தாக்குப்பிடிக்கும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து வழுக்கலைக் கூட்டும். அப்போது μ 0.4-க்கும் கீழே போகலாம்.

சரி, கணக்கைப் போடுவோம். காய்ந்த சாலையில் பிரேக் தூரம் சுமார் 20 மீட்டர். ஈரச் சாலையில் 35 மீட்டர். முதல் ஒரு நொடியின் 16.7 மீட்டரையும் சேர்த்தால் முறையே 37, 52 மீட்டர்.

பதினைந்து மீட்டர்தானே கூடுதல் என்று தோன்றலாம். எனக்கு இந்த எண்ணைவிட வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது: காய்ந்த சாலையில் வண்டி நின்றிருக்கும் அதே இடத்தில், ஈரச் சாலையில் அதன் வேகம் என்ன? தொடக்க வேகத்தை √(1 − 0.4/0.7) ஆல் பெருக்கினால் விடை கிடைக்கும்: மணிக்கு சுமார் 39 கிலோமீட்டர். ஒன்று தடைக்கு முன்னால் நிற்கிறது, மற்றொன்று 39-இல் போய் மோதுகிறது. தூரத்தைப் பாதிக்கும் மேல் கடந்தும் வேகம் பாதியாகக்கூடக் குறையவில்லை. சீராக பிரேக் பிடிக்கும்போது வேகத்தின் வர்க்கம்தான் தூரத்தோடு சீராகக் குறைகிறது. அதனால் வேகத்தின் பெரும்பங்கு கடைசிச் சில மீட்டர்களில்தான் கரைகிறது.

ஈரத்திலும் அதே 37 மீட்டருக்குள் நிற்க வேண்டுமென்றால் 60-க்குப் பதில் ஏறத்தாழ 48-இல் போயிருக்க வேண்டும்.

இதெல்லாம் இரண்டு டயர்களின் பிடியையும் முழுதாகப் பயன்படுத்தினால் கிடைக்கும் எண்கள். இரு சக்கர வண்டியில் அதுதான் கடினம். பிரேக் பிடித்ததும் சுமை முன்சக்கரத்துக்கு நகர்கிறது. புவியீர்ப்பு மையம் 0.6 மீட்டர் உயரத்தில், சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர், நிற்கும்போது சுமை சரிபாதி என்று கொண்டால், காய்ந்த சாலையில் முழு பிரேக்கில் சுமார் 82 சதவீதச் சுமை முன்சக்கரத்தில் விழும். ஈரத்தில் வேகம் மெதுவாகக் குறைவதால் 68 சதவீதம்தான் போகும். ஆக, ஈரத்தில் பின் பிரேக்கின் பங்கு கூடுகிறது. காய்ந்த சாலைக்குப் பழகிய கை முன் பிரேக்கை அதே வேகத்தில் அழுத்தினால், முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய டயர் சறுக்கும்போது பிடி இன்னும் குறையும். கைப்பிடி திடீரென்று லேசாகிவிடும், வண்டி சமநிலை இழந்து சாய்ந்துவிடும். லீவரை முதலில் மெதுவாக அழுத்தி, சுமை முன்னே வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டுவது இதனால்தான்.

ஏபிஎஸ் இருந்தால் பூட்டிக்கொள்ளப் போகும் சக்கரத்தின் பிரேக்கைக் கணநேரம் தளர்த்தி மீண்டும் பிடிக்கும். பெரும்பாலும் விழாமல் காப்பாற்றும். ஆனால் அது சாலையின் μ மதிப்பைக் கூட்டுவதில்லை, 0.4 உள்ள சாலையில் அந்த 35 மீட்டரை அதனாலும் 20 ஆக்க முடியாது.