91 சேர்த்ததும் காணாமல் போகும் போன் எண்கள்

போன மாதம் ஒரு பள்ளி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "சார், பெற்றோர் நம்பர் எல்லாம் நடுவுல E போட்டு மாறிடுச்சு. குறுஞ்செய்தி ஒண்ணுகூடப் போகல." அலுவலகங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் எனக்கு இது பழகிய புகார்தான். அதனால் முதலில் ஒன்றை மட்டும் கேட்டேன்: "அந்த ஃபைலை மூடிட்டீங்களாம்மா?"

மூடிவிட்டார். மூடாமல் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

நடந்தது இதுதான். பள்ளி மென்பொருளிலிருந்து சிஎஸ்வி கோப்பாக ஒரு பட்டியலை இறக்கினார். எண்கள் எல்லாம் முன்னால் 91 சேர்ந்து 12 இலக்கமாக இருந்தன. இரட்டை கிளிக் செய்ததும் அது எக்செலில் திறந்தது. ஒரு மாணவியின் பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்தி, Ctrl+S அழுத்தினார். அவ்வளவுதான்.

எக்செலைப் பொறுத்தவரை இலக்கங்கள் மட்டும் உள்ள எதுவும் கணக்குப் போடுவதற்கான எண்தான். அது போன் எண் என்று அதற்குத் தெரியாது. General என்ற வழக்கமான அமைப்பில் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். 10 இலக்க எண்களில் சிக்கல் வராமல், 91 சேர்த்த அன்று திடீரென்று வருவது இதனால்தான். 911234567890 என்ற மாதிரி எண்ணை அடித்துப் பாருங்கள். கட்டத்தில் 9.11235E+11 என்று தெரியும். அதாவது 9.11235-ஐ 10-இன் 11-ஆம் அடுக்கால் பெருக்கு என்று அர்த்தம்.

இதுவரை எதுவும் கெடவில்லை. அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்து மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பார்த்தால் 12 இலக்கமும் அப்படியே இருக்கும். மாறியது தோற்றம் மட்டும்தான். xlsx ஆகச் சேமித்தால் முழு எண்ணும் உள்ளே பத்திரமாக இருக்கும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போதுதான் ஆபத்து. அப்போது எக்செல் உள்ளே இருக்கும் எண்ணை எழுதாமல், கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுகிறது:

```
Name,Mobile
Kavitha,9.11235E+11
```

இந்தக் கோப்பை மறுபடி திறந்தால் எண் 911235000000 என்று வரும். கடைசி ஆறு இலக்கமும் பூஜ்யம். 911234500000 முதல் 911235499999 வரையுள்ள பத்து லட்சம் எண்களும் இதே 9.11235E+11 ஆகத்தான் சுருங்கும். அதனால் அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பழைய எண்ணை யாராலும் மீட்க முடியாது. ஒரு பட்டியலில் எல்லா எண்ணும் ஆறு பூஜ்யத்தில் முடிந்தால், இந்த விபத்து ஏற்கெனவே நடந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரி, தடுப்பது எப்படி? சேமிப்பதற்கு முன் போன் எண் உள்ள பத்தியின் தலையில் கிளிக் செய்து முழுதாகத் தேர்ந்தெடுங்கள். Ctrl+1 அழுத்தினால் Format Cells திறக்கும். அதில் Custom போய், Type என்ற இடத்தில் இருப்பதை அழித்துவிட்டு இதை மட்டும் அடியுங்கள்:

```
0
```

எண்கள் முழுதாகத் தெரியும். அப்புறம் சேமியுங்கள். தவறாகச் சேமித்துவிட்டீர்கள், ஆனால் கோப்பு இன்னும் திறந்தே இருக்கிறது என்றாலும் இதையே செய்து மறுபடி சேமித்தால் போதும். முழு எண் எக்செலின் நினைவில் அப்படியே இருக்கும். நான் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது இதற்காகத்தான்.

பலர் இங்கே Text என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏற்கெனவே எண்ணாக உள்ளே வந்துவிட்டவற்றுக்கு அது உதவாது. கட்டத்தில் E+11 அப்படியே நிற்கும், கோப்பிலும் அதுவே போகும். எண்களை அடிப்பதற்கு முன்பே காலிப் பத்தியை Text ஆக்கி வைத்தால்தான் பலன். அப்படிச் செய்தால் முன்னால் வரும் + குறியும், 044 போன்ற குறியீட்டின் பூஜ்யமும் தப்பிக்கும். இறக்கிய சிஎஸ்வியாக இருந்தால் இரட்டை கிளிக் வேண்டாம். Data பட்டியலில் From Text/CSV வழியாகத் திறந்து, Transform Data போய், அந்தப் பத்தியின் வகையை Text என்று மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. சிஎஸ்வியில் வெறும் எழுத்துதான் இருக்கும், அமைப்பு எதுவும் தங்காது. இன்று 0 போட்டுச் சரியாகச் சேமித்தாலும், நாளை இரட்டை கிளிக்கில் திறந்தால் மறுபடி General, மறுபடி E+11. அதனால் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எக்செலில் திறக்காதீர்கள். நோட்பேடில் திறந்து முதல் நான்கு வரியைப் பாருங்கள். மூலப் பட்டியலை xlsx ஆக வைத்துக்கொண்டு, அனுப்ப வேண்டிய அன்று மட்டும் சிஎஸ்வி எடுப்பது நல்லது.

அந்தப் பள்ளியில் பட்டியலை மென்பொருளிலிருந்து மறுபடி இறக்கச் சொன்னேன். மாணவியின் பெயரை நோட்பேடிலேயே திருத்திச் சேமித்தோம். அன்று மாலையே குறுஞ்செய்திகள் போய்ச் சேர்ந்தன.